பரணையும் எட்டிப் பார்த்தவர் சொன்ன விலை

"பரணைக் கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா மேடம்?"

என் தங்கை தயங்கினாள். பரண் என்றால் யாருக்குத்தான் காட்ட மனம் வரும்? சென்னை அம்பத்தூரில் இரண்டாம் மாடி, இரண்டு படுக்கையறை, லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை மாற்றல். சாமான்களைப் பார்த்து விலை சொல்ல வந்திருந்தவர் கையில் ஓர் அட்டையும் பேனாவும் மட்டுமே இருந்தன. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். உள்ளே கொலுப்படி, பொம்மைப் பெட்டிகள் ஆறு, பழைய பாத்திர மூட்டை இரண்டு, பிள்ளைகளின் பழைய சைக்கிள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "பதினாலு அடி வண்டி பத்தாது மேடம், பதினேழு அடி வேணும்" என்றார்.

அவர் சொன்ன தொகை 68,000 ரூபாய். அதற்கு முந்தின நாள் இன்னொரு நிறுவனம் போனிலேயே 38,000 என்று சொல்லியிருந்தது. அவர்களுடைய விளம்பரத்திலும் பளபளவென்று சுற்றிய சோஃபா, சீருடை போட்ட ஆட்கள், "ஒரே விலை, மறைமுகக் கட்டணம் இல்லை" என்ற வாசகம் எல்லாம் இருந்தன. 30,000 ரூபாய் வித்தியாசம் ஒரு மாதச் செலவு. மலிவான பக்கம் மாப்பிள்ளை சாய்ந்ததில் தப்பே இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். அதற்கு ஒரு பழைய காயம் காரணம், பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் விலை என்பது வண்டிக்குள் சாமான் அடைக்கும் இடத்தின் விலை. 14 அடி வண்டியின் உள்ளளவு ஏறக்குறைய 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம். பெருக்கினால் 504 கன அடி. ஆனால் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே சந்து விழும் என்பதால் ஐந்தில் நாலு பங்கு, அதாவது 400 கன அடிதான் நிஜமாகப் பயன்படும். தங்கை வீட்டுச் சாமான்களை நாங்களே டேப் வைத்து அளந்து பார்த்தோம். பேக்கிங் சேர்த்து ஃபிரிட்ஜ் 34, வாஷிங் மெஷின் 19, சோஃபா 63, பீரோ 39, பிரித்த கட்டிலும் மெத்தையும் 35, ஸ்கூட்டர் 60. ஒன்றரை அடி அட்டைப் பெட்டிகள் 35 வந்தன, அவை 118. மேசை, நாற்காலி, டி.வி., கிரைண்டர் எல்லாம் சேர்ந்து 30. கூட்டினால் 398. பரணைத் தொடாமலே வண்டி நிறைந்துவிட்டது!

"ரெண்டு பெட்ரூம்" என்று கேட்டதுமே போனில் விலை சொன்னவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்காது. சாமான் பாதி ஏறிய பிறகு "வண்டி பத்தாதுங்க" என்று சொன்னால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? வீட்டைக் காலி செய்தாயிற்று, சாவியைக் கொடுத்தாயிற்று, அன்றிரவே ரயில். கேட்டதைக் கொடுப்பார். குறைந்த விலை சொல்லி ஏமாற்றும் கூட்டம் நம்பியிருப்பது இந்த ஒரு நேரத்தைத்தான். ஆகவே நிலையான விலை என்று ஒருவர் சொன்னால், எந்தப் பட்டியலுக்கு நிலையான விலை என்று கேட்க வேண்டும். நேரில் வந்தோ வீடியோ காலில் ஒவ்வோர் அறையாகப் பார்த்தோ எழுதிய பட்டியல் விலைச் சீட்டோடு இணைந்திருக்க வேண்டும். பட்டியல் இல்லாத சீட்டில் இருக்கும் தொகை வெறும் உத்தேசம்.

என் பழைய காயம் இதுதான். சில வருடங்களுக்கு முன் நான் பெங்களூருக்குக் குடிபோனபோது ஏற்றும்வரை எல்லாம் சரியாகவே நடந்தது. இறக்கும் இடத்தில் லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. உள்ளே குறுகல், பெரிய வண்டி திரும்பாது. சின்ன வண்டி பிடித்து இரண்டு நடை அடிக்க வேண்டும், 4,500 ரூபாய் கொடுங்கள் என்றார் டிரைவர். மூன்றாம் மாடிக்கு ஏற்றத் தனியாக 3,000. என் சீட்டில் இரண்டுமே எழுதியிருக்கவில்லை. "கூடுதல் செலவுகள் வாடிக்கையாளருடையது" என்று பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் என் வீடே கிடக்க, நடுத்தெருவில் பேரம் பேசி நின்ற அவமானம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் தங்கையின் சீட்டில் இரண்டு முனைகளையும் எழுதச் சொன்னோம். ஏற்றும் இடம் இரண்டாம் மாடி, படி. இறக்கும் இடம் நாலாம் மாடி, லிஃப்ட் உண்டு. 17 அடி வண்டி கேட்டுக்குள் நுழையும் என்று மாப்பிள்ளை புனே அடுக்ககச் செக்யூரிட்டியிடம் கேட்டு உறுதி செய்தார். சாமான் லிஃப்டைப் பயன்படுத்தும் நேரத்தையும் அப்போதே கேட்டு வைத்தார். டோல், வரி, கட்டிலைப் பிரித்து மாட்டுவது எல்லாம் அந்த 68,000க்குள் அடக்கம். வழியில் செக்போஸ்ட் செலவு என்று யாராவது பணம் கேட்டால் அதற்கும் இடமில்லை. வீட்டில் புழங்கிய சாமானைக் கொண்டுபோக இ-வே பில்லே தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் கேட்டோம். ஏற்றிய அதே வண்டிதான் புனேவரை போகுமா? விலை குறைவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஷேரிங் லோடு என்றால் மூன்று நாலு குடும்பங்களின் சாமான் ஒரே லாரியில் போகும். நடுவில் ஒரு குடோனில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். இது ஏமாற்று இல்லை, சாமான் குறைவாக உள்ளவர்களுக்கு நியாயமான வழிதான். ஆனால் ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் ஒரு மூலை நசுங்கும், நாளும் தள்ளிப்போகும். தெரிந்தே தேர்ந்தெடுத்தால் சரி.

இனி, கவனமாகக் கையாளுவது. விளம்பரப் படங்களில் எப்போதும் சோஃபாதான் இருக்கும். உண்மையில் சோஃபாவைச் சுற்றப் பெரிய திறமை வேண்டாம். வேலை தெரிந்தவர்களா என்று பார்க்க, ஏற்றி முடித்த வண்டியின் உட்புறப் படத்தைக் கேளுங்கள். பீரோ, ஃபிரிட்ஜ் போன்ற கனமானவை டிரைவர் கேபின் பக்கச் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நின்று, கயிற்றால் கட்டப்பட்டு, இடைச் சந்துகளில் மெத்தையும் தலையணையும் திணித்திருந்தால் அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். லாரியில் சாமானை உடைப்பது பெரும்பாலும் சந்துதான். ஒவ்வொரு வேகத்தடையிலும் பொருள் நகர்ந்து மோத அதுவே இடம் கொடுக்கிறது.

அன்று வந்த நாலு பேரில் மூத்தவர் சமையலறையில் உட்கார்ந்தார். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், காகிதம் சுற்றி, புத்தகத்தை அலமாரியில் வைப்பதுபோல் நிறுத்தி வைத்தார். படுக்க வைத்தால் மேல் தட்டுகளின் கனமெல்லாம் அடித்தட்டில் இறங்கும், நிறுத்தினால் விளிம்பு தாங்கும் என்றார். வெட் கிரைண்டரின் கல்லை வெளியே எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்தார். அது உள்ளேயே இருந்தால் பாத்திரத்தை இடித்தே நெளித்துவிடும். புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டி, துணிக்குப் பெரிய பெட்டி. பாலிஷ் போட்ட ஊஞ்சல் பலகைக்கு முதலில் பழைய போர்வை, அதன்மேல்தான் குமிழ் பிளாஸ்டிக். வெயிலில் கொதிக்கும் வண்டிக்குள் அந்தக் குமிழ்கள் பாலிஷில் அச்சுப் பதித்துவிடுமாம்.

பிறகு அவர் கேட்ட கேள்வியில் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. "வாஷிங் மெஷின் வாங்கினப்ப பின்னாடி நாலு போல்ட்டு இருந்துச்சே, வெச்சிருக்கீங்களாக்கா?" முன்புறம் கதவுள்ள மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. கடையிலிருந்து வரும்போது அதை ஆடாமல் பிடித்திருப்பவை அந்த போல்ட்டுகள். மாட்டும் ஆள் கழற்றிக் கொடுப்பார், நாம் எங்கேயோ போட்டுவிடுவோம். அவை இல்லாமல் 1,200 கிலோமீட்டர் போனால் டிரம் ஆடி ஸ்பிரிங்கையும் தாங்கிகளையும் கெடுத்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, முதல் முறை துணி சுழலும்போது மெஷின் அறையையே அதிர வைக்கும். நல்லவேளையாகத் தங்கையின் தையல் பெட்டியில் போல்ட்டுகள் கிடைத்தன. ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, தண்ணீரை வடித்துத் துடைத்து வைத்திருந்தோம். அதை நிமிர்த்தியே ஏற்றினார்கள். படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் ஏராளமானவர்கள் ஏமாறுகிறார்கள். சீட்டில் சாமான் மதிப்பில் 3 சதவீதம் இன்ஷூரன்ஸ் என்று எழுதிப் பணம் வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. அந்தப் பணம் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போகாமல் இருக்கலாம். வண்டி கிளம்புமுன் பாலிசி எண்ணும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரும் உள்ள சான்றிதழைக் கையில் வாங்கினால்தான் அது இன்ஷூரன்ஸ். லாரி கவிழ்ந்தால் மட்டும் தருவார்களா, உடைந்தாலும் தருவார்களா என்பதையும் அதில் படிக்க வேண்டும். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க ஆறு லட்ச ரூபாய்ச் சாமானை மூன்று லட்சம் என்று எழுதினால், 10,000 ரூபாய் நஷ்டத்துக்குப் பாதிதான் வரும் என்பதும் அங்கே வழக்கமான நிபந்தனை.

நிறுவனம் உண்மையானதா என்று பார்க்கச் சுலபமான ஒரு வழி ஜி.எஸ்.டி. எண். அது 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவான பெயர் வரும். முன்பணம் கேட்கும் வங்கிக் கணக்கு அதே பெயரில் இல்லாமல் தனியாள் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஒவ்வொரு பெட்டியிலும் எண் ஒட்டினார்கள். மொத்தம் 58 உருப்படி. அந்த எண்ணிக்கை லாரி ரசீதிலும் ஏறியது. எல்.ஆர். என்று தொழிலில் சொல்லும் இந்த ரசீதுதான் சட்டப்படி நம் பிடி. சாமான் தொலைந்தாலோ சேதமானாலோ வழக்குப் போடுவதற்கு முன், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். அதற்கும் முன்பாக நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

வண்டி நாலாம் நாள் காலை புனே போய்ச் சேர்ந்தது. தங்கை லிஃப்ட் வாசலில் பட்டியலோடு நின்று எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள். 58ம் வந்தன. 31ஆம் பெட்டியின் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. "நல்லபடியா வந்து சேந்துச்சுன்னு கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார் டிரைவர். அவள் போனில் எனக்குக் காட்டினாள். பெட்டியை அவர் முன்னாலேயே திறக்கச் சொன்னேன். கொலுப் பொம்மைகள், தசாவதார செட்டில் வாமனரின் குடை முறிந்திருந்தது. படம் எடுத்தாள். பிறகு ரசீதில் கையெழுத்துக்கு மேலே, "31ஆம் எண் மூலை நசுங்கி வந்தது, ஒரு பொம்மை சேதம், மற்றவை சரி" என்று எழுதினாள். டிரைவரும் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் மீதித் தொகையை அனுப்பினாள்.