அறுபதாயிரம் கேட்ட காலை

மே மாதக் கடைசியில் ஒரு நாள், பாத்திரம் தேய்த்து முடித்த பிறகும் அக்கா கிளம்பவில்லை. சமையலறை வாசலில் நின்று புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: “ம்மா, ஒரு அறுபதாயிரம் அட்வான்ஸ் வேணும். மாசாமாசம் சம்பளத்துல கழிச்சுக்கோங்க.”

அவருக்கு நாங்கள் அப்போது கொடுத்துவந்த சம்பளம் 5,500 ரூபாய். கேட்ட தொகை கிட்டத்தட்ட பதினோரு மாதச் சம்பளம்.

என் வாயில் வந்த முதல் வார்த்தை “பார்க்கலாம்”. சென்னையில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் எல்லோர் வாயிலும் அதுதான் வரும். கேட்பவருக்கு இதைவிடக் கெடுதலான பதில் இல்லை என்று பின்னால்தான் புரிந்தது. நமக்கு அது நாசூக்கான மறுப்பு. அவருக்கோ அது பாதிச் சம்மதம். அதை நம்பி அவர் யாரிடமாவது டோக்கன் பணம் கொடுத்துவிட்டால், பத்து நாள் கழித்து நாம் கையை விரிக்கும்போது அந்தப் பணமும் போகும். “அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பதும் இதே ரகம். “எங்களுக்கே கஷ்டம்” என்பது அதைவிட மோசம். நம் குப்பைக்கூடையைக் கொட்டுகிறவருக்கு இந்த மாதம் எத்தனை பார்சல் வந்தது என்று தெரியும்.

நல்லவேளையாக நான் உடனே திருத்திக்கொண்டேன். “ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு உக்காந்து பேசலாம் அக்கா. அன்னிக்கே என்னால எவ்வளவு முடியும்னு சொல்லிடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாக்கு கொடுத்துடாதீங்க.”

ஞாயிறன்று இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். எதற்குப் பணம் என்று அவரே சொன்னார். குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். பார்த்து வைத்திருக்கும் புது வீட்டுக்கு வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. முதல் மாத வாடகையைச் சேர்த்து, சாமான் ஏற்ற வண்டிக்கும் பால் காய்ச்சும் செலவுக்கும் 3,500 போட்டால் அறுபதாயிரம். கணக்கு சரியாக இருந்தது. பொய்யில்லை.

இந்த மாதிரி நேரத்தில் பணம் கொடுக்கிறவர் போலீஸ்காரர் ஆகிவிடக் கூடாது. வீட்டுக்காரர் குடிக்கிறாரா, போன வருஷம் வாங்கிய டி.வி.க்கு என்ன செலவானது என்றெல்லாம் கேட்க நமக்கு உரிமை இல்லை. கேட்க வேண்டியவை மூன்றுதான். பணம் என்றைக்கு வேண்டும், யார் கைக்குப் போகிறது, எங்கிருந்தாவது திரும்பி வருமா.

மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் திறந்தது. “இப்ப இருக்கற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கீங்களா அக்கா?”

கொடுத்திருக்கிறார். 30,000. காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் வரும். சென்னை வழக்கப்படி பெயின்டிங் கூலி என்று ஒரு மாத வாடகை, அதாவது 4,500, போய்விடும். மீதி 25,500. ஆக, அவருக்குத் தேவைப்பட்ட அறுபதாயிரம் ஒரே தேவையல்ல. அதில் 25,000 ரூபாய், பழைய வீட்டுச் சாவிக்கும் புது வீட்டுச் சாவிக்கும் நடுவில் இருக்கும் சில நாள் இடைவெளி. மிச்சம் 35,000தான் உண்மையான பற்றாக்குறை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வீட்டில் கேட்டதால்தான் தொகை மலையாகத் தெரிந்தது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் போடாவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்தக் கணக்கில் அவர் தர வேண்டியது 19,500தான். ஆனால் அந்தச் சட்டத்தை வாசலில் நின்று சொன்னால், உரிமையாளர் வேறு ஆளுக்கு வீட்டைக் கொடுத்துவிடுவார். அதனால் அக்காவிடம் ஒன்று சொன்னேன்: “பாதி இப்ப தரேன், பழைய வீட்டு அட்வான்ஸ் வந்ததும் மீதி தரேன்னு கேட்டுப் பாருங்க.” புது வீட்டுக்காரர் ஒரு மாதத் தவணைக்கு ஒத்துக்கொண்டார். அறுபதாயிரம் 35,000 ஆனது.

அடுத்தது நான் எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி. என் வங்கிக் கணக்கைப் பார்த்து முடிவு செய்தால் தப்பாகும். அவருடைய தேவையைப் பார்த்து முடிவு செய்தாலும் தப்பாகும். மாதா மாதம் பிடித்த பிறகு அவர் கையில் நிற்கும் தொகையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதை உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அவர் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். எல்லாம் சேர்த்து மாதம் 15,000. அறுபதாயிரத்தையும் நானே கொடுத்து மாதம் 3,000 பிடித்தால், இருபது மாதம் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் கிடைப்பது 2,500. மாதம் 1,000 பிடித்தால் அடைக்க ஐந்து வருஷம். முதல் வழியில் இரண்டாவது மாதமே அவர் தண்டல்காரரிடம் போய் நிற்பார். தண்டல் எப்படியென்றால், பத்தாயிரம் என்று பேசி, முன்கூட்டியே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். அஞ்சு வட்டியென்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், அறுபதாயிரத்துக்கு வட்டி மட்டுமே மாதம் 3,000. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலேயே வந்துவிட்டது. தெருவில் அவை இன்னும் நடக்கின்றன. வட்டியில்லாமல் கொடுத்தோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். நாம் பிடிக்கும் தொகை பெரிதாக இருந்தால், அந்தக் கடன் நம் வீட்டை விட்டு வட்டிக்காரர் வீட்டுக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் நான் வைத்துக்கொண்ட அளவு இதுதான்: பிடிப்பது நம் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, முழுவதும் ஒரு வருஷத்துக்குள் அடைய வேண்டும். மாதம் 1,000, பன்னிரண்டு மாதம், 12,000. அவர் பாதியில் வேலையை விட்டாலும் “போனால் போகட்டும்” என்று என்னால் விட முடிகிற தொகையும் அதுதான். அந்த மனநிலை இல்லாதவர்கள் அட்வான்ஸே கொடுக்காமல் இருப்பது நல்லது.

கணக்குப் போடும்போது ஒன்று உறைத்தது. இரண்டு வருஷமாக அவருக்குச் சம்பளம் ஏற்றவில்லை. பல வீடுகளில் அட்வான்ஸ் பேச்சு, வர வேண்டிய சம்பள உயர்வை மூடி மறைத்துவிடுகிறது. “போன வருஷம் அவ்வளவு கொடுத்தோமே” என்று கொடுத்த கடன், உயர்வுக்குப் பதிலாக நிற்கும். ஜூன் முதல் 6,000 ஆக்கினோம். அதைச் செய்யாமல் 1,000 பிடிக்க எனக்கு வாய் வந்திருக்காது.

பிறகு பதிலைச் சொன்னேன். “அக்கா, என்னால பன்னிரண்டாயிரம் முடியும். அது அட்வான்ஸ், மாசம் ஆயிரம் கழிப்பேன், ஆகஸ்ட்லேர்ந்து. ஜூலைல வேண்டாம், புது வீட்டுச் செலவு இருக்கும். வண்டிக்கும் பாலுக்கும் மூவாயிரம் தரேன், அது திருப்பித் தர வேண்டாம். இதுக்கு மேல முடியாது.”

அவர் முகம் வாடியது. “ஒரு முப்பதாவது பாத்துத் தாங்கம்மா.”

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். புதிதாகக் காரணம் தேடுவோம்: பிள்ளை ஃபீஸ், கார் தவணை. ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும், பேரம் நீளும். நான் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன். “பன்னிரண்டுதான் அக்கா. மிச்சத்துக்கு என்ன வழின்னு சேர்ந்து பாக்கலாம்.” இரண்டாவது வீட்டில் 10,000 கிடைத்தது. மூன்றாவது வீட்டில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். பீரோவில் இருந்த தோட்டைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து 10,000 வாங்கினார். 35,000 சேர்ந்தது.

காரணம் வேறாக இருந்தால் வழியும் வேறு. ஆபரேஷன் என்றால் முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளையின் படிப்பு என்றால், 2007இல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்று கேட்கலாம். பதிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு.

இரண்டு சிறிய நோட்டுகள் வாங்கினேன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. தேதி, கொடுத்தது, பிடித்தது, பாக்கி என்று நான்கு கட்டம். இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்: தீபாவளி போனஸிலிருந்து பிடிப்பதில்லை, உடம்பு சரியில்லாத மாதம் பிடிப்பதில்லை, வேலையை விட நினைத்தால் விடலாம். கடைசி வரிக்குக் காரணம் உண்டு. அட்வான்ஸ் கொடுப்பது குற்றமல்ல. ஆனால் கடன் தீரும்வரை வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது என்று ஒருவரைக் கட்டிவைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். ரேஷன் கார்டையும் ஆதாரையும் வாங்கி வைத்துக்கொள்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சட்டத்தில் இல்லாதது: பணம் கொடுத்த மறுவாரம் “அப்படியே பால்கனியையும் கழுவிடுங்களேன்” என்று கேட்பது. நானும் ஒரு தடவை கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு சிக்கல். பழைய வீட்டுக்காரர் பெயின்டிங்கோடு நிற்கவில்லை. கரண்ட் பாக்கி, உடைந்த குழாய் என்று சொல்லி 20,000தான் கொடுத்தார். புது வீட்டுக்குத் தர வேண்டிய 25,000இல் ஐந்தாயிரம் குறைந்தது. அக்கா மறுபடி சமையலறை வாசலில் நின்றார்.

“நோட்டுல இருக்கறது தீரட்டும் அக்கா, அப்புறம் பேசலாம்” என்றேன். சொல்லிவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் புது வீட்டுக்காரரிடம் பேச அவரோடு என் கணவரும் போனார். அந்த ஐந்தாயிரத்தை அடுத்த இரண்டு மாத வாடகையோடு இரண்டாயிரத்து ஐந்நூறாகத் தர அவர் சம்மதித்தார்.

அந்த இரண்டு மாதமும் அக்காவுக்குக் கை இறுகும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஆகஸ்டில் ஆயிரம் பிடித்தேன். செப்டம்பரில் பத்தாம் தேதியே “ஒரு ஐந்நூறு கைமாத்தா” என்று கேட்டார், பதினெட்டாம் தேதி இன்னொரு முந்நூறு. சம்பளம் வாங்கிய பத்தாம் நாளே சின்னச் சின்னதாகக் கைமாற்று கேட்க ஆரம்பித்தால், நாம் பிடிப்பது அதிகம் என்று அர்த்தம். செப்டம்பர் கணக்கில் ஐந்நூறு மட்டும் பிடித்தேன், அக்டோபரிலும் அப்படியே. நவம்பரில் மறுபடி ஆயிரம். பன்னிரண்டு மாதம் என்பது பதின்மூன்று ஆகும்.

போன மாதம் முதல் தேதி சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டைப் பிரித்தார். “போன மாசம் பாக்கி ஆறாயிரம்னு போட்டிருக்கீங்க. கழிச்சுப் பாருங்க, அஞ்சுதான் வருது” என்றார். என் கூட்டலில்தான் தப்பு. அடித்துத் திருத்தி, பக்கத்தில் இருவரும் மறுபடி கையெழுத்துப் போட்டோம்.