தொண்ணூறு நிமிடப் பதிவிலிருந்து ஒரு பக்கக் கேள்வி-பதில்

இயங்கலைக் கருத்தரங்கு முடிந்ததும் அதன் காணொளிப் பதிவு எல்லாருக்கும் அனுப்பப்படும். ஆனால் ஒரே ஒரு சந்தேகத்துக்காகத் தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. அதையே ஒரு பக்கக் கேள்வி-பதிலாக எழுதிவைத்தால் இரண்டு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தை எப்படித் தயாரிப்பது?

ஓர் எடுத்துக்காட்டு. பள்ளி அறிவியல் மன்றம் ஒன்று, டெங்கியைக் கட்டுப்படுத்த உதவும் வோல்பாக்கியா கொசுக்களைப் பற்றிச் சிங்கப்பூர்ப் பேச்சாளர் ஒருவரை அழைத்துக் கருத்தரங்கு நடத்தியதாக வைத்துக்கொள்வோம். நம் கையில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்று, பேச்சைக் கணினி தானாக எழுத்தாக்கிய கோப்பு. மற்றொன்று, பங்கேற்றவர்கள் உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்தவை.

நேரத்தை ஒன்றாக்குங்கள்

பேச்சுக் கோப்பு, பதிவு தொடங்கியதிலிருந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. உரையாடல் கோப்பிலோ பல வேளைகளில் கடிகார நேரம்தான் இருக்கும். பதிவு இரவு மணி 7.58க்குத் தொடங்கியது என்றால், 8:41:20க்கு வந்த கேள்வியின் இடம் 43 நிமிடம் 20 விநாடி. பேச்சாளர் ஒரு கேள்வியைப் படித்துப் பதில் சொல்லச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே பதிலை அந்த இடத்திலிருந்து முன்னோக்கித் தேட வேண்டும். 46ஆவது நிமிடத்தில் இது கிடைக்கிறது:

```
00:46:05.000 --> 00:46:11.000
எய்ட்ஸ் ஆண் கொசு கடிக்காது
```

பேச்சாளர் சொன்னது ‘ஏடிஸ்’. கணினிக்கு அது ‘எய்ட்ஸ்’ என்று கேட்டிருக்கிறது! அறிவியல் பெயர்கள், எண்கள், ‘கடிக்கும்–கடிக்காது’ போன்ற எதிர்மறைச் சொற்கள் ஆகிய மூன்றிலும் இத்தகைய பிழை வரலாம். அந்த இடங்களில் ஒலிப்பதிவை மறுபடி கேட்காமல் எழுதக்கூடாது.

கேள்விகளைப் பிரியுங்கள்

உரையாடல் பெட்டியில் வந்த நான்கு கேள்விகளைப் பாருங்கள்.

1. விடப்படும் கொசு கடிக்குமா?
2. புதிதாகக் கொசு விட்டால் கடி அதிகமாகாதா?
3. அந்தப் பாக்டீரியா நமக்கும் தொற்றுமா?
4. மலேசியாவில் விடும் கொசுவும் கடிக்காதா?

‘கடி’ என்ற சொல்லைத் தேடிப் பிரித்தால் 1, 2, 4 ஒரே குழுவில் விழும். ஆனால் சொல் ஒன்றாக இருப்பது போதாது. “ஒரே பதில் இந்தக் கேள்விகளைக் கேட்ட எல்லாருக்கும் சரியாக இருக்குமா?” என்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் தேசிய சுற்றுப்புற வாரியம் 2016 முதல் ஆண் கொசுக்களை விட்டு வருகிறது. ஆண் கொசு கடிக்காது. வோல்பாக்கியா இல்லாத பெண் கொசுவோடு அது சேர்ந்தால் முட்டை பொரிக்காது. இதனால் கொசுக்களின் எண்ணிக்கை குறைகிறது. இந்தப் பதில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பொருந்தும்.

மலேசியாவில் 2017இல் சிலாங்கூரில் தொடங்கிய முறை வேறு. அங்கே பெண் கொசுக்களும் விடப்படுகின்றன. அவை வோல்பாக்கியாவைத் தம் குஞ்சுகளுக்குக் கடத்துகின்றன. அந்தக் கொசுக்களின் உடலில் டெங்கிக் கிருமி எளிதில் பெருக முடியாது. ஆனால் பெண் கொசு கடிக்கும். எனவே நான்காவது கேள்வியை முதல் குழுவில் சேர்த்திருந்தால், மலேசிய வாசகருக்குத் தவறான பதில் போயிருக்கும். மூன்றாவது கேள்வி கடியைப் பற்றியதே அல்ல, தொற்றைப் பற்றியது. அதுவும் தனிக் குழு.

பதிலை எழுதுங்கள்

பேச்சில் வரும் “அதாவது”, “வந்து”, திரும்பச் சொன்னவை எல்லாவற்றையும் நீக்கலாம். 46ஆவது நிமிடத்தில் பாதியும் 71ஆவது நிமிடத்தில் மீதியுமாக வந்த பதிலை ஒன்றுசேர்க்கலாம். பேச்சாளர் சொல்லாததைச் சேர்க்கக்கூடாது. அவர் “பெரும்பாலும்” என்று சொன்னால் அந்தச் சொல் எழுத்திலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலின் முடிவிலும் பதிவின் நிமிடத்தைக் குறித்தால், சந்தேகப்படுபவர் தாமே கேட்டுச் சரிபார்ப்பார். கேள்வி கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிடுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் பேச்சாளர் சிங்கப்பூரைப் பற்றி மட்டுமே பேசினார். பேச்சுக் கோப்பில் ‘மலேசியா’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. நமக்கு விடை தெரிந்திருந்தாலும் அவர் சொன்னதுபோல எழுதுவது முறையன்று. நான்காவது கேள்வியை அவருக்கு எழுதி அனுப்பி, வரும் விடையை ‘கருத்தரங்குக்குப் பின் அளித்த பதில்’ என்ற குறிப்புடன் சேர்க்க வேண்டும். அதுவரை அந்தக் கேள்விக்குக் கீழே ‘பதில் இன்னும் வரவில்லை’ என்றே இருக்கட்டும்.