நீல மையும் சிவப்பு மையும் சொல்லாதது

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையிடம் இதயத்தைப் பற்றிக் கேட்டால், தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பிள்ளையும் சொல்லும் பதில்தான் வரும்: இதயத்துக்கு நான்கு அறைகள், வலப்பக்கம் அசுத்த இரத்தம், இடப்பக்கம் சுத்த இரத்தம், தமனியில் ஓடுவது சுத்தம், சிரையில் ஓடுவது அசுத்தம். படத்தில் வலப்பக்கத்துக்கு நீல மை, இடப்பக்கத்துக்குச் சிவப்பு மை. தேர்வில் பாதி மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இதே பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்து தாயாகவோ ஆசிரியராகவோ கிராமச் சுகாதாரச் செவிலியராகவோ ஆகும் ஒருவர், மூச்சு வாங்கும் ஒரு குழந்தையைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வரக்கூடும். இரத்த ஓட்டத்தைப் பற்றிய ஒரு விடை சரியா என்று பார்க்க நிறத்தைக் கேட்டால் போதாது. அந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம் என்று கேட்க வேண்டும்.

விடையைத் திருத்தும் முறை

முதல் பிழை படத்திலேயே தொடங்குகிறது. புத்தகத்தில் நம் இடக்கைப் பக்கம் இருப்பது இதயத்தின் வலப்பக்கம். எதிரே நிற்கும் ஆளின் இதயத்தை வரைந்த படம் அது. புத்தகத்தைத் திருப்பி, படம் வெளிப்பக்கம் பார்க்கும்படி நம் மார்பின்மேல் வைத்துக்கொண்டால் வலம் வலத்தோடும் இடம் இடத்தோடும் பொருந்திவிடும். இதைச் செய்தபிறகு ஒரு துளி இரத்தத்தின் பின்னாலேயே போகலாம். காலிலிருந்து வரும் துளி கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது ஆரிக்கிளுக்குள் வருகிறது. மூவிதழ் வால்வைக் கடந்து வலது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்குகிறது. அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போய், தந்துகிகளில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, நுரையீரல் சிரை வழியாக இடது ஆரிக்கிளுக்குத் திரும்புகிறது. ஈரிதழ் வால்வைக் கடந்து இடது வெண்ட்ரிக்கிளுக்குப் போய், பெருந்தமனி வழியாக உடலெங்கும் பாய்கிறது.

இந்தப் பயணத்தில் 'தமனி என்றால் ஆக்சிஜன் மிகுந்தது' என்ற விதி நுரையீரலுக்குப் போகும்போதும் அங்கிருந்து திரும்பும்போதும் உடைகிறது. நுரையீரல் தமனியில் போவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். நுரையீரல் சிரையில் வருவது ஆக்சிஜன் நிறைந்தது. இவற்றை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். அப்படி மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை, விதியைத்தான் திருத்த வேண்டும். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. இப்படிச் சொல்லிவிட்டால் விலக்கு என்று எதுவுமே மிஞ்சாது.

இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடித்திருப்பதால் அது அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு. இது பார்வைக்கு நியாயமாகத் தெரியும் பிழை. பெரியவர் ஒருவரின் இதயம் ஓய்வில் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி தள்ளுகிறது. வலப்பக்கமும் அதே அளவுதான், இடப்பக்கமும் அதே அளவுதான். வலப்பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே ஒரு மில்லி கூடுதலாக நுரையீரலுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் பத்தே நிமிடத்தில் 700 மில்லி நுரையீரலில் தேங்கிவிடும், ஆள் மூச்சுத் திணறிப்போவார். ஆகவே வேறுபாடு அளவில் இல்லை, அழுத்தத்தில்தான் இருக்கிறது. இடது வெண்ட்ரிக்கிள் உடல் முழுவதற்கும் தள்ள ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை எழுப்புகிறது. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத் தள்ள வலது வெண்ட்ரிக்கிளுக்கு 25 போதும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்தால், பின்னால் வரும் நோயின் கதை தானே விளங்கும்.

'அசுத்தம்' என்ற சொல்

சிரை இரத்தத்தை அசுத்த இரத்தம் என்றும், ஆக்சிஜன் அற்ற இரத்தம் என்றும் சொல்கிறோம். இரண்டுமே பொருந்தாதவை. உடல்நலத்தோடு இருப்பவர் ஓய்வில் இருக்கும்போது, தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபினில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். உடலெல்லாம் சுற்றி வலது ஆரிக்கிளுக்குத் திரும்பும் இரத்தத்திலும் சுமார் 75 விழுக்காடு நிறைந்தே இருக்கும். கொண்டுபோனதில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது. மீதி, ஓடும்போதும் ஏற்றத்தில் சுமை தூக்கும்போதும் உதவும் கையிருப்பு. நீல நிறமும் இல்லை. ஊசியில் எடுக்கும் சிரை இரத்தத்தைப் பாருங்கள், அரக்குச் சிவப்பாக இருக்கும். கையில் சிரை நீலமாகத் தெரிவது தோலுக்குள் புகுந்து திரும்பும் ஒளியால் வரும் தோற்றம்.

பத்தாம் வகுப்புக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு, சுத்தம், அசுத்தம் என்று சொன்னால் பிள்ளைக்கு எளிதில் புரிகிறதே என்று கேட்கலாம். எளிமை வேண்டும்தான். ஆனால் இந்த எளிமை, 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்ற இரண்டே நிலைகளில் யோசிக்கப் பழக்கிவிடுகிறது. நோயில் நடப்பதோ அளவு மாறுவதும் கலப்பதும்தான். 'ஆக்சிஜன் மிகுந்தது', 'ஆக்சிஜன் குறைந்தது' என்ற சொற்களும் அதே அளவு எளிமையானவை, உண்மையையும் விட்டுவிடுவதில்லை.

விளையாட்டின் நடுவே குந்திக்கொள்ளும் குழந்தை

இதைச் சோதிக்க ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். நான்கு குறைகள் சேர்ந்த பிறவி இதயக் கோளாறு அது; மருத்துவர்கள் ஃபேலோ நாற்குறை என்பார்கள். இரண்டு வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை. வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வாசல் குறுகல். பெருந்தமனி அந்த ஓட்டையின் மேலேயே சற்று வலம் நகர்ந்து அமர்ந்திருக்கும். அந்தக் குறுகலை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடித்துப்போகும்.

இப்போது துளியின் பின்னால் போவோம். வலது வெண்ட்ரிக்கிளுக்கு வந்த துளிக்கு நேரான வழி நுரையீரல், ஆனால் அந்த வாசல் இறுகியிருக்கிறது. பக்கத்தில் ஓட்டை இருக்கிறது, அதன் மேலே பெருந்தமனி திறந்திருக்கிறது. அழுத்தம் எந்த வழியில் குறைவோ அந்த வழியில்தான் இரத்தம் போகும். ஆகவே ஒரு பங்கு இரத்தம் நுரையீரலைப் பார்க்காமலே உடலுக்குப் போய்விடுகிறது. பெருந்தமனியில் பாய்வதில் இரண்டு பங்கு நுரையீரலில் இருந்து 98 விழுக்காட்டோடு வருகிறது, ஒரு பங்கு சிரையிலிருந்து 60 விழுக்காட்டோடு நேரே கலக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு 98-ஐயும் ஒரு 60-ஐயும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 85. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அதைத்தான் காட்டும். உதடும் நகக்கண்ணும் கருநீலம் பாரிக்கும்.

அப்படிப்பட்ட குழந்தை நாலடி ஓடிவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, முழங்காலை மார்போடு சேர்த்துக் குந்திக்கொள்ளும். சோம்பல் என்றோ விளையாட்டு என்றோ அதை விட்டுவிடக் கூடாது. குந்தும்போது கால்களின் தமனிகள் மடங்கி, உடலுக்குப் போகும் பாதையில் எதிர்ப்பு கூடுகிறது. பெருந்தமனிப் பக்கம் போவது கடினமாவதால், கூடுதல் இரத்தம் குறுகிய வாசல் வழியாகவே நுரையீரலுக்குள் தள்ளப்படுகிறது, நீலம் சற்றுத் தணிகிறது. இரத்தம் அழுத்தத்தைப் பார்த்தே வழி தேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இதயத்தில் ஓட்டை என்றால் குழந்தை நீலமாகும் என்று பலர் நம்புவதும் இங்கேதான் தவறுகிறது. நுரையீரல் வாசல் குறுகாமல் வெறும் ஓட்டை மட்டும் இருந்தால், 120 இருக்கும் இடப்பக்கத்திலிருந்து 25 இருக்கும் வலப்பக்கத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் பாயும். உடலுக்குப் போகும் இரத்தத்தில் கலப்பு இல்லை, ஆகவே குழந்தை சிவப்பாகவே இருக்கும். ஆனால் நுரையீரலில் இரத்தம் மிதமிஞ்சும். பால் குடிக்கும்போதே நெற்றி வியர்க்கும், குடித்துக்கொண்டே இளைக்கும், எடை ஏறாது, சளியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வரும். நீலம் இல்லை என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் காலத்தில்தான் இது முற்றுகிறது.

நீலம் தெரிவதற்கும் ஓர் அளவு உண்டு. தந்துகி இரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் ஹீமோகுளோபினாவது ஆக்சிஜன் இழந்திருந்தால்தான் கண்ணுக்குப் புலப்படும். இரத்தசோகை உள்ள குழந்தைக்கு மொத்த ஹீமோகுளோபினே குறைவு என்பதால், கலப்பு இருந்தும் நீலம் தெரியாமல் போகலாம், வெளிறல் மட்டுமே தெரியும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அப்படியிருக்க, கண்ணால் பார்த்த நிறத்தை மட்டும் நம்பி 'இதயம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட முடியாது.

பால்டிமோரில் திருத்தப்பட்ட விடை

அமெரிக்காவின் பால்டிமோரில் குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக் ஒன்றைக் கவனித்தார். பிறந்தவுடன் மூடிக்கொள்ள வேண்டிய, பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் நாளம் திறந்தே இருக்கும்வரை ஃபேலோ நாற்குறை போன்ற கோளாறுள்ள குழந்தைகள் தாக்குப்பிடித்தன. அது மூடியதும் நிலை மோசமானது. அப்படியானால் செயற்கையாக ஒரு நாளத்தை ஏற்படுத்தினால் என்ன என்று கேட்டார். விவியன் தாமஸ் ஆய்வுக்கூடத்தில் முறையை உருவாக்க, 1944 நவம்பரில் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக், கைக்குப் போகும் தமனி ஒன்றை நுரையீரல் தமனியோடு இணைத்தார். 'சுத்த', 'அசுத்த' கணக்குப்படி இது பொருளற்ற வேலை. உடலுக்குப் போகும் இரத்தத்தை யாராவது திரும்ப நுரையீரலுக்கு அனுப்புவார்களா? ஆனால் அந்தத் தமனியில் ஓடியது கலந்த இரத்தம். அதற்கு நுரையீரலைக் காணும் இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது, குழந்தையின் நீலம் தணிந்தது.

மலைக்காற்றின் மேல் பழி

ஜவ்வாது மலையில் இன்னொரு மறுப்பு எழலாம்: மேலே காற்று மெலிது, ஆக்சிமீட்டர் குறைவாகக் காட்டினால் உயரம்தான் காரணம் என்று. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரின் உயரம் 725 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 92 விழுக்காடு. ஹீமோகுளோபின் இந்த அளவுக் குறைவை எளிதாகச் சமாளித்துவிடும். நிறைவு ஒரு விழுக்காடு குறைந்தாலே அதிகம். ஆகவே இம்மலையில் 85 என்று காட்டும் எண்ணுக்கு உயரம் விளக்கம் ஆகாது. விரல் சில்லிட்டிருக்கிறதா, நகத்தில் மருதாணியோ சாயமோ இருக்கிறதா, கருவியின் துடிப்பு எண் நாடித்துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் குறைவாகவே இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்துப் பார்ப்பார்கள். நிமோனியா போன்ற நுரையீரல் நோயானால் எண் பெரும்பாலும் நன்றாக ஏறும். ஓட்டை வழியாகக் கலப்பதானால் அவ்வளவாக ஏறாது, ஏனெனில் நுரையீரலுக்கே போகாத இரத்தத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் அது போய்ச் சேராது. காரணத்தை உறுதிசெய்வது எக்கோ பரிசோதனைதான்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு, 2013 முதல் பரிசோதிக்கும் குறைகளில் பிறவி இதய நோயும் ஒன்று. ஓடிவிட்டுக் குந்திக்கொள்கிறது, பால் குடிக்கையில் வியர்க்கிறது, மூன்று முறை நிமோனியா வந்தது என்று பார்த்ததைப் பார்த்தபடி அவர்களிடம் சொன்னால் போதும். உரிய வயதில் செய்யும் திறந்த இதய அறுவையில் ஓட்டையை ஒட்டுப்போட்டு மூடி, குறுகிய வாசலை அகலப்படுத்துவார்கள். அதன்பின் வலது வெண்ட்ரிக்கிளுக்கு வரும் துளி, பக்கத்துச் சுவரில் வழி இல்லாததால், நேரே நுரையீரலுக்குப் போய், நுரையீரல் சிரை வழியாக இடது ஆரிக்கிளுக்குத் திரும்பும்.