கரும்பலகையில் எழுதும்போது சேலை என்ன செய்கிறது?

ஆன்லைனில் துணி விற்கும் சிறு வியாபாரிகள் போட்டோகிராபருக்கு அனுப்பும் குறிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “லைஃப்ஸ்டைல் ஷூட். நேச்சுரலாக, எளிமையாக, அழகாக இருக்கணும்.” கூடவே இணையத்திலிருந்து எடுத்த முப்பது நாற்பது படங்கள். போட்டோகிராபர் அதைப் பார்த்துவிட்டுத் தனக்குப் பழகிய வேலையைச் செய்கிறார்: சாயங்கால வெயில், மங்கலான பின்னணி, தலையைச் சாய்த்துச் சிரிக்கும் மாடல். படம் அழகாகவே வருகிறது. ஆனால் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏற முடியுமா, நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மடி எப்படி இருக்கும் என்பது வாங்க நினைப்பவருக்குத் தெரிவதில்லை.

துணியைக் கண்ணுக்குக் காட்டும் கேட்டலாக் படம் வேறு, அது புழக்கத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று காட்டும் படம் வேறு. இரண்டாவது வகைக்குக் குறிப்பு எழுதுவதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். காரைக்குடிப் பக்கம் நெய்யப்படும் கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொள்கிறேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. கனமான பருத்தி, கட்டமும் கோடும், கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு போன்ற அழுத்தமான நிறங்கள். இதை வேலைக்குப் போகும் ஆசிரியைகளுக்கு விற்க நினைக்கும் ஒருவர் மூன்று சேலைகளுக்கு அரை நாள் ஷூட் வைக்கிறார் என்று கொள்வோம்.

முதலில் எழுத வேண்டியது படங்களின் பட்டியல் அல்ல, வாங்குபவர் கேட்கும் கேள்விகளின் பட்டியல். கடைக்கு வரும் மெசேஜ்களிலேயே அவை கிடக்கும். கை தூக்கிப் போர்டில் எழுதினால் இடுப்பு தெரியுமா? படி ஏறும்போது கொசுவம் காலில் மாட்டுமா? கசங்கினால் அசிங்கமாக இருக்குமா? துவைத்த பிறகும் இதே நிறமா? இந்த நான்குக்கும் படத்தில் பதில் கிடைத்தால் ஷூட் உருப்படியானது. ஒரு கேள்விக்கு ஒரு வேலை, ஒரு வேலைக்கு ஒரு படம். அரை நாளில் ஒரு சேலைக்கு நான்கு படம் எடுப்பதே கெட்டிக்காரத்தனம். சேலை மாற்றிக் கட்ட ஒவ்வொரு முறையும் கால் மணி நேரமாவது போகும் என்பதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் இருபது படம் கேட்கிறார்கள்.

மாடலுக்கும் போட்டோகிராபருக்கும் ஒரே தாளைக் கொடுக்காமல் தனித்தனியாக எழுதுவது நல்லது. மாடலின் தாளில் லென்ஸ் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அதில் இருக்க வேண்டியது வேலைகள். “இயல்பாக இருங்கள்” என்று சொன்னால் யாருக்கும் இயல்பு வராது; கையை எங்கே வைப்பது என்ற கவலைதான் வரும். “இந்த நாற்பது நோட்டையும் மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்குங்க, அடுக்கி முடிக்கிற வரைக்கும் எங்களைப் பாக்காதீங்க” என்றால் கை தானாகவே இடம் தேடிக்கொள்ளும். ஒரு வேலையை நான்கைந்து முறை திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு முறை அவர் கேமராவுக்காகச் செய்வார். அலுப்புத் தட்டத் தொடங்கும்போதுதான் வேலைக்காகச் செய்வார். நமக்கு வேண்டிய படம் அங்கேதான் இருக்கிறது.

பொருள்கள் உண்மையான எடையோடு இருக்கட்டும். காலிப் பையைத் தோளில் மாட்டினால் பட்டை தோளில் பதியாது, முந்தானையும் நகராது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பொய் என்று தெரிந்துவிடும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், இரண்டு புத்தகம் என்று ஆசிரியை சுமக்கும் அளவுக்குப் பையை நிரப்பிக் கொடுக்க வேண்டும். செருப்பு மாடலின் பழைய செருப்பாகவே இருக்கலாம். ஜாக்கெட் மட்டும் பழசு ஆகாது. ஒரு வாரம் முன்பே அளவு வாங்கித் தைத்துவிட வேண்டும். தொளதொளத்த ஜாக்கெட்டைப் பின்பக்கம் கிளிப் போட்டு இறுக்கினால் நேரே நிற்கும் படத்தில் மறைந்துவிடும். கை தூக்கியதும் முதுகில் வரிவரியாக இழுத்துக் காட்டிக்கொடுக்கும்.

எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்பதையும் அந்தத் தாளிலேயே கேட்டுவிட வேண்டும். போர்டில் எழுதும் படத்தில் பக்கவாட்டில் இடுப்பு கொஞ்சம் தெரியலாம். “உங்களுக்குச் சரின்னா எடுக்கலாம், இல்லைன்னா முந்தானையைப் பின் பண்ணிட்டு எடுப்போம்” என்று முன்னாலேயே பேசிக்கொள்வது முறை. ஷூட் நடுவில், நாலு பேர் நிற்கும்போது கேட்டால் அவரால் மறுக்க முடியாது.

போட்டோகிராபரின் தாளில் ஒவ்வொரு படத்துக்கும் நேராக, அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுத வேண்டும். பஸ் ஏறும் படத்தை எடுத்துக்கொள்வோம். கேள்வி: கொசுவம் காலில் மாட்டுமா? அப்படியானால் படத்தின் உயிர் முகத்தில் இல்லை. முதல் படியில் வைத்த பாதத்துக்கும் சேலையின் அடிக்கரைக்கும் நடுவில் இருக்கிறது. வலது கை கம்பியைப் பிடிக்கிறது, இடது கை கொசுவத்தை லேசாகத் தூக்குகிறது. போட்டோகிராபர் பக்கவாட்டில், இடுப்பு உயரத்துக்குக் குனிந்து நிற்க வேண்டும். கண் உயரத்திலிருந்து எடுத்தால் படி சுருங்கிப்போகும், கேள்வியும் காணாமல் போகும். ஓடும் பஸ்ஸில் இதை எடுக்க முடியாது. தெரிந்த பள்ளியின் வேனை விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். ரயில் நிலையத்தில் எடுக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், வணிகப் படப்பிடிப்புக்கு ரயில்வேயின் அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வைக்கவும்.

ஷட்டர் வேகம் அவருக்குத் தெரியும். ஆனால் என்ன தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்வது நம் வேலை. நடப்பவரைத் தெளிவாக நிறுத்த விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவு வேகம் போதும். காற்றில் முந்தானை பறந்தால் இன்னும் கூட்ட வேண்டும். லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து பின்னணியைப் பாலாகக் கரைத்துவிடுவது பலருக்குப் பழக்கம். கரும்பலகை பச்சைக் குழம்பாகத் தெரிந்தால் அவர் ஆசிரியை என்று யாருக்குத் தெரியும்? துளையை எஃப் 4 அல்லது 5.6-க்குக் குறைத்தால் முகம், சேலை, பலகை மூன்றும் பேசும்.

கட்டம் போட்ட சேலைக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. துணியின் நுண்ணிய கட்டங்களும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் மோதிக்கொண்டால், துணியில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் ஓடும். மோயரே என்பார்கள். கேமராவின் பின்திரையில் சிறிதாகப் பார்த்து முடிவு செய்ய முடியாது. திரையே இல்லாத அலையைக் காட்டலாம், இருக்கும் அலையை மறைக்கவும் செய்யலாம். முதல் சில படங்களை லேப்டாப்பில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அலை இருந்தால் ஓரடி முன்னே பின்னே நகர்ந்தோ, கோணத்தை மாற்றியோ எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். பிறகு கணினியில் சரிசெய்யப் பார்த்தால் கட்டத்தின் நிறமும் சேர்ந்து வெளுக்கும்.

நிறத்துக்கு வருவோம். கண்டாங்கியின் கடுகு மஞ்சளைச் சாயங்கால வெயிலில் எடுத்தால் ஆரஞ்சாகிவிடும். மரத்தடியில் எடுத்தால் இலைகளின் பச்சை ஏறும். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்த வகுப்பறை இன்னும் மோசம்: ஒரே சேலை இடது பக்கம் ஒரு நிறம், வலது பக்கம் வேறு நிறம். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலை மட்டும் நம்புங்கள் என்று தாளிலேயே எழுதிவிடலாம். ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை மாடல் கையில் பிடிக்க வேண்டும். பிற்பாடு அதை வைத்துத்தான் நிறம் சரிபார்க்கப்படும். அதோடு, ஒவ்வொரு சேலைக்கும் நேர்வெயில் படாத திறந்தவெளி நிழலில் ஒரு படம் கட்டாயம் வேண்டும். அழகுப் போட்டியில் அது தோற்கலாம். ஆனால் மற்ற எல்லாப் படங்களின் நிறத்தையும் அதனோடுதான் ஒப்பிடப்போகிறோம்.

கசங்கலைப் பற்றி ஒரு முடிவு எடுக்காமல் ஷூட்டுக்குப் போகக் கூடாது. சேலையில் இரண்டு விதக் கசங்கல் உண்டு. பாக்கெட்டில் மடித்துவைத்ததால் வந்த நேர்க்கோட்டு மடிப்பு ஒன்று. அதை இஸ்திரி போட்டு எடுத்துவிட வேண்டும். உட்கார்ந்து எழுந்ததால் மடியில் விழும் கசங்கல் மற்றொன்று. அதைத் தொடக் கூடாது. ஸ்டைலிஸ்ட் இருந்தால் அவர் கை துறுதுறுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஓடிவந்து மடியை நீவிவிடுவார். “உட்கார்ந்த பிறகு சேலையை யாரும் தொட வேண்டாம்” என்று எல்லார் தாளிலும் எழுதிவைப்பதே வழி. பருத்தி கசங்கும் என்பது வாங்குபவருக்குத் தெரியும். எவ்வளவு கசங்கும் என்பதைத்தான் கேட்கிறார்.

துவைத்தபின் எப்படி என்ற கேள்விக்கு நடிப்பு உதவாது. அதே ரகச் சேலை ஒன்றை ஷூட்டுக்கு முன்பே ஐந்தாறு முறை துவைத்துக் காயப்போட்டு வைத்திருக்க வேண்டும். கஞ்சி போன சேலை உடலோடு படிந்து விழும் விதமே வேறு. புதுச் சேலையின் முந்தானை தோளில் பலகை மாதிரி நிற்கும். இரண்டையும் அருகருகே ஒரே கொடியில் போட்டு, ஒரே வெளிச்சத்தில் ஒரு படம். துவைத்ததைக் கட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவும் படம் இன்னொன்று. சாயம் சற்று இறங்கியிருந்தால் அதுவும் தெரியட்டும். பார்சலைத் திருப்பி அனுப்பும் செலவைவிட இது மலிவு.

வேலைக்கு நடுவே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். முதல் இரண்டு படங்கள் முடிந்ததும் லேப்டாப்பில் திறந்து, மாடலின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். அதன் பிறகும் அந்தப் படம் தன் கேள்விக்குப் பதில் சொல்கிறதா? இல்லையென்றால், அடுத்த சேலைக்குப் போகாமல் அங்கேயே திரும்ப எடுப்பது நல்லது. வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் வேன், ஜன்னல் வெளிச்சம், மாடலின் நாள் எல்லாவற்றையும் மறுபடி சேர்க்க வேண்டும்.

காகித வேலை ஒன்று மிச்சம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். போட்டோகிராபர் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா என்பதை எழுதிக்கொண்டால் பிறகு மனக்கசப்பு இராது. மாடலின் சம்மதம் அதில் அடங்காது. எங்கெங்கே, எத்தனை காலத்துக்கு அவர் படம் பயன்படும் என்று தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். வெப்சைட்டுக்கு என்று எடுத்ததை ஆறு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டு பேனரில் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக, தேர்வு. போட்டோகிராபர் தனக்குப் பிடித்ததை மட்டும் அனுப்பினால், சாக்பீஸ் தூள் கறுப்புச் சேலையில் விழுந்த படம் பெரும்பாலும் கழிந்துபோயிருக்கும். ஆசிரியை ஒருவர் முதலில் தேடுவது அந்தப் படமாக இருக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் எடுத்த எல்லாப் படங்களையும் சிறிய அளவில் அனுப்பச் சொல்லி, கேள்விப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விற்பவரே முதல் சுற்றுத் தேர்வைச் செய்வது நல்லது. நிறத் திருத்தத்துக்குப் போவது அதில் தேறிய பன்னிரண்டு படங்கள் மட்டுமே. அவற்றைத் திரையில் சரிபார்க்கும்போது மூன்று சேலைகளும் மேசையில் பகல் வெளிச்சத்தில் விரித்துக் கிடக்க வேண்டும்.