கிட்டப்பார்வை உடையோருக்கான நீச்சல் கண்ணாடி

கிட்டப்பார்வையின் பவர் மைனஸ் 8 எனில், கண்ணாடியைக் கழற்றியதும் ஏறக்குறைய பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ளவை அனைத்தும் மங்கிவிடும். தூத்துக்குடிக் கடலில் நீந்தும் அத்தகையவருக்குக் கரையும், எதிரே வரும் படகும் தெளிவாகத் தெரியா. காண்டாக்ட் லென்ஸுடன் நீந்துவதும் தீர்வாகாது. நீரில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் லென்ஸில் ஒட்டிக் கருவிழியில் கடும் புண்ணை உண்டாக்கக்கூடும்.

பவர் உள்ள நீச்சல் கண்ணாடியே ஏற்றது. அதன் முன்புறம் தட்டையாகவும், பவர் தரும் வளைவு உட்புறத்திலும் இருக்கும். உட்புறம் எப்போதும் காற்றையே தொடுவதால், கரையிலும் நீரினுள்ளும் பவர் மாறுவதில்லை.

ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் பவர் 0.5 அல்லது 1 டயாப்டர் இடைவெளியில் இருக்கும். சிலிண்டர் பவர் இராது. ஒருவரது சீட்டில் வலக்கண்ணுக்கு மைனஸ் 7.50, சிலிண்டர் மைனஸ் 1.00 என்றும், இடக்கண்ணுக்கு மைனஸ் 6.00 என்றும் உள்ளதாகக் கொள்வோம். சிலிண்டரில் பாதியைச் சேர்த்தால் வலக்கண்ணுக்கு மைனஸ் 8.00 வரும். நீச்சல் கண்ணாடி கண்ணுக்கு இன்னும் நெருங்கி அமைந்தால், சற்றுக் குறைந்த பவரே போதும். எனவே வலப்புறம் மைனஸ் 7.5, இடப்புறம் மைனஸ் 6 எனத் தேர்வு செய்யலாம். இருகண்ணுக்கும் லென்ஸைத் தனித்தனியே வாங்கி, மூக்குப் பாலத்தால் இணைக்கும் வகை இதற்கு உதவும். அணிந்ததும் தலைவலியோ, பொருள்கள் சுருங்கித் தெரிவதோ இருப்பின் பவர் மிகுதி என அறியலாம். சிலிண்டர் 2 டயாப்டருக்கு மேற்பட்டால், சீட்டின்படி தனியே செய்வித்துக்கொள்வது நலம்.

நீச்சல் பழகும் குழந்தைகளுக்குச் சிறுவர் அளவே வேண்டும். பெரியவர் அளவு கசியும். பட்டையை மாட்டாமல் கண்ணில் மெல்ல அழுத்திப் பாருங்கள். சில நொடிகள் தானே ஒட்டி நின்றால் பொருத்தம் சரி. மைனஸ் 1 அளவுள்ள குழந்தைக்குச் சாதாரணக் கண்ணாடியே போதலாம். பயிற்சியாளரின் கைச்சைகை தெரியவில்லை எனக் குழந்தை கூறினால் பவர் தேவை. குழந்தைகளின் பவர் விரைவில் மாறுமாதலால், ஆண்டுதோறும் பரிசோதித்த சீட்டைக் கொண்டே வாங்குங்கள். கழற்றுகையில் பட்டையைப் பின்தலையிலிருந்து தூக்கக் கற்றுக்கொடுங்கள். முன்னால் இழுத்துவிட்டால் அது மீண்டு வந்து கண்ணில் அடிக்கக்கூடும்.

முத்துக்குளித்துறையில் ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பர். அத்தகைய ஆழத்துக்கு இக்கண்ணாடி உதவாது. நீரின் அழுத்தம் கூடும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கிக் கண்ணை இழுக்கும். வெண்விழியில் இரத்தம் கசியலாம். மூழ்குவோர் மூக்கையும் மூடும் முகமூடியில் பவர் லென்ஸ் பொருத்திக்கொள்ள வேண்டும்; மூக்கால் காற்றை உள்ளே விட்டு அழுத்தத்தைச் சமன் செய்யலாம்.