முதல் கதிர் யாருக்கு?

பொங்கல் பண்டிகையைப் பற்றி நகரத்துக் குழந்தைகளுக்காக எடுக்கப்படும் காணொளிகள் பெரும்பாலும் பானையில் தொடங்கிப் பானையிலேயே முடிந்துவிடும். கோலம், கரும்பு, மஞ்சள் கொத்து, பொங்கி வழியும் பால், கடைசியில் 'உழவர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. பார்த்து முடித்த குழந்தைக்கு ஒரு சந்தேகம் தீராமலே இருக்கும். அரிசி வருடம் முழுக்கக் கடையில் கிடைக்கிறதே, தை மாதத்தில் மட்டும் அதில் என்ன புதுசு? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத காணொளியில் படையல் வெறும் சடங்காகவே நின்றுவிடும். விடை பானைக்கு முன்னால், வயலில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிட முடியும்.

பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே படம்பிடிக்கத் தொடங்க வேண்டும். நெல் பூத்து முடிந்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய முப்பது நாள் ஆகும். பூத்து ஒரு வாரம், பத்து நாளில் மணிக்குள் பால் கட்டும். அந்த நேரத்தில் ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகப் பால் பிதுங்கும். காணொளியின் முதல் காட்சி இதுவாக இருக்கட்டும். அரிசி முதலில் திரவமாக இருக்கிறது என்பது நகரத்துக் குழந்தை நினைத்தே பார்க்காத சங்கதி. பிறகு அந்தப் பால் மாவுபோல இறுகும், அதன்பின் கெட்டியாகும். கதிரில் நூற்றுக்கு எண்பது மணியாவது வைக்கோல் நிறத்துக்கு மாறினால்தான் அறுவடைக்குத் தயார். அதே வயலில், அதே இடத்தில், ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தால் போதும், விளக்கம் அதிகம் வேண்டாம்.

முதல் கதிரைச் சாமிக்கு வைக்கும்வரை யாரும் புது நெல்லைத் தின்னக் கூடாது என்ற கட்டுப்பாட்டின் பொருளும் இங்கேதான் விளங்கும். அறுவடைக்கு முந்தைய மாதங்களில்தான் குதிரில் நெல் தீர்ந்துபோகும். வீட்டில் அரிசி குறைந்திருக்கும், வயலில் கதிர் முற்றாமல் நிற்கும். அப்போது அவசரப்பட்டு அறுத்தால் அரை வயிறும் நிறையாது, விளைச்சலும் பாழ். படையல் நாள் வரை காத்திருப்பது அந்த ஆசையை அடக்கி வைத்தது. பசியோடு காத்திருந்தவர்கள் கைக்கு வந்த முதல் பிடியை எடுத்து, 'இது எனக்கு முன்னால் உனக்கு' என்று வைத்தார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய நன்றி என்பது குழந்தைக்குத் தானாகவே புரியும்.

அடுத்து, 'முதல்' என்பதற்கு எவ்வளவு என்று காட்ட வேண்டும். பொங்கலன்று எல்லா வயலும் அறுவடையாகிக் களத்தில் நெல் மலைமலையாகக் கிடக்கும் என்று பல காணொளிகள் சொல்கின்றன. காவிரிப் படுகையில் அது உண்மையில்லை. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீரில் விளையும் குறுவை செப்டம்பர், அக்டோபரிலேயே அறுவடையாகிவிடும். சம்பா ஜனவரியில் அறுவடைக்கு வரும். தாளடி பிப்ரவரி வரைகூடப் போகும். ஆகவே தை முதல் நாளில் பாதி வயல்கள் அறுக்கப்படாமல் நின்றுகொண்டிருக்கலாம். முதல் பிடியைப் படைக்க அறுவடை முடிய வேண்டியதில்லை. நன்கு முற்றிய ஓர் ஓரத்தில் கொஞ்சம் கதிர் அறுத்தால் போதும்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைக் குழந்தைகளே கணக்குப் போடட்டும். ஒரு கதிரை வெள்ளைத் தாளில் வைத்து மணிகளை எண்ணச் சொல்லுங்கள். நல்ல கதிரில் 120 மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் நெல்மணியின் எடை சுமார் 22 கிராம். அப்படியானால் ஒரு கதிரில் இருப்பது இரண்டரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலான நெல். உமியும் தவிடும் போனால் மிஞ்சும் அரிசி ஒன்றே முக்கால் கிராம்கூடத் தேறாது. ஒரு சின்னக் குடும்பம் பொங்கல் வைக்கக் கால் கிலோ அரிசி வேண்டும். அதற்கு ஏறத்தாழ 150 கதிர். ஒரு தூருக்குப் பன்னிரண்டு கதிர் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று தூர்கள். நட்ட வயலில் இது இரண்டடிக்கு இரண்டடி நிலம். அந்த அளவை வயலில் கயிறு கட்டிக் காட்டுங்கள். ஒரு பானைப் பொங்கலுக்குப் பின்னால் எவ்வளவு மண் இருக்கிறது, அந்த மண்ணில் எத்தனை மாத வேலை இருக்கிறது என்று அந்தக் கயிறே சொல்லிவிடும்.

அறுத்த கதிர் உடனே அரிசியாகாது என்பதும் இந்த இடத்தில்தான் வர வேண்டும். அறுக்கும்போது நெல்லில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருக்கும். ஈர நெல்லை உரலில் போட்டு இடித்தால் மணி நசுங்கி மாவாகும். கடும் வெயிலில் அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ, மணியில் கீறல் விழுந்து குருணையாகும். பதம் பார்க்க உழவர்கள் கையாளும் வழி எளிது. ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். மெத்தென்று அமுங்கினால் இன்னும் காய வேண்டும், கடக்கென்று உடைந்தால் பதம் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை ஒலிவாங்கியைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். பின்னணி இசையை அந்த நேரத்துக்கு நிறுத்திவிடுங்கள். பிறகு உலக்கை, முறம், பறக்கும் உமி. உரல் கிடைக்காத இடத்தில் ஒரு குழந்தை பத்து நெல்லை நகத்தால் உரித்துக் காட்டினாலும் சரிதான்.

இனி பானை. புது அரிசியில் என்ன வேறுபாடு என்பதை வாயால் சொல்லாமல் இரண்டு பானையில் காட்டலாம். ஒன்றில் புதுப் பச்சரிசி, மற்றதில் அதே ரகத்தில் ஓராண்டு பழைய பச்சரிசி. அரிசி, தண்ணீர், தீ மூன்றும் ஒரே அளவு. சேமித்து வைக்க வைக்க அரிசி மணியின் உள்கட்டமைப்பு இறுகும். அதனால் பழைய அரிசி நிறையத் தண்ணீர் இழுத்து, உடையாமல் பெருத்து, பொலபொலவென்று வேகும். புது அரிசி சீக்கிரம் குழையும். அதன் மாவு கஞ்சியில் கரைந்து கெட்டியாக்கும். கெட்டிக் கஞ்சியில் எழும் நுரை எளிதில் உடையாது, மேலே மேலே ஏறும். பாலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒட்டிக்கொள்ளும் இந்த அரிசி, பொங்கி வழியவும் வெல்லத்தோடு சேர்ந்து குழையவும் மிகப் பொருத்தம். இந்தச் சோதனையில் ஏமாற இடம் உண்டு. கடையில் 'புது அரிசி' என்று வாங்கியது கலப்பாக இருக்கலாம். பையில் உள்ள தேதி அரிசியைப் பையில் அடைத்த நாளே தவிர, நெல்லை அறுத்த நாள் அல்ல. இரண்டு பானையும் ஒரே மாதிரி வெந்தால் அரிசியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆலையிலோ உழவரிடமோ நேரில் வாங்கி மறுபடி எடுங்கள்.

கடைசிக் காட்சி படையல். இதை ஒரே மாதத்துக்கும் ஒரே மதத்துக்கும் சொந்தமாகக் காட்டிவிடக் கூடாது. படையலின் தேதியைத் தீர்மானிப்பது அந்தந்த மண்ணின் பயிர். கன்னியாகுமரி மாவட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கன்னிப்பூ நெல் ஆவணி வாக்கில் அறுவடைக்கு வரும். அதற்கு முன்னோடியாக ஆடி மாதத்திலேயே கோயில்களில் நிறைபுத்தரிசி நடக்கும். கதிர்க்கட்டுகளைக் கொண்டுவந்து பூசை செய்து பக்தர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர்கள் அதை வீட்டு வாசலில் கட்டி வைப்பார்கள். 1956 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததால், கேரளத்திலும் இதே வழக்கத்தைக் காணலாம். அங்கே ஆடிக்குச் சமமான கர்க்கடகம் பஞ்ச மாதம் என்று பேர் பெற்றது. குதிர் காலியான மாதத்தில் வாசலுக்கு வரும் முதல் கதிர், பசி தீரப்போகிறது என்ற செய்தி.

யாழ்ப்பாணத்தில் மழையை நம்பி விதைக்கும் நெல் தை, மாசியில் விளையும். அங்கே தைப்பூசத்தன்று புதிர் எடுப்பார்கள். வயலில் சில கதிர்களை மட்டும் அறுத்து வந்து, உரித்த மணிகளை வீட்டிலிருக்கும் அரிசியோடு சேர்த்துச் சமைக்கும் வழக்கம் உண்டு. 150 கதிர்க் கணக்கைப் போட்ட குழந்தைக்கு இந்தக் கலப்பின் காரணம் உடனே பிடிபடும். நாலைந்து கதிரில் கிடைப்பது ஒரு கரண்டிகூட இல்லை. ஆனால் பானையில் அது கலந்துவிட்டால், வீட்டில் எல்லோருக்கும் முதல் நெல்லில் பங்கு உண்டு. தென் மாவட்டத் தேவாலயங்களில் நடக்கும் அறுப்பின் பண்டிகையில் நெல், வாழைத்தார், பூசணி, தேங்காய், கோழி என்று விளைந்ததையும் வளர்த்ததையும் முதற்பலனாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு அவற்றை ஏலம் விட்டு, வரும் பணத்தைச் சபையின் காரியங்களுக்குச் சேர்ப்பார்கள். வழிபாடு வெவ்வேறு. முதலில் விளைந்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொடுப்பது எல்லாவற்றுக்கும் பொது. குழந்தைகள் எந்த வீட்டிலிருந்து வந்தவர்களானாலும் காணொளியில் தங்கள் வீட்டையும் கண்டுகொள்ள இது போதும்.

'உழவருக்கு நன்றி' என்ற பொதுவான வரிக்குப் பதிலாக, கதிர் அறுத்தவரையும் நாற்று நட்ட பெண்களையும் மாடு அல்லது டிராக்டர் ஓட்டியவரையும் அவரவர் குரலில் ஒரு வாக்கியம் பேச விடுங்கள். இன்று பெரும்பாலான வயலில் அறுவடை இயந்திரம்தான் இறங்குகிறது. அதை மறைத்து அரிவாளை மட்டும் காட்டினால் குழந்தைக்குப் பழைய காலத்துக் கதையைச் சொன்னதாகிவிடும். இயந்திரம் இறங்கும் வயலிலும் முதல் பிடியை மட்டும் கையால் அறுக்க முடியும். இரண்டையும் சேர்த்துக் காட்டுவதே நேர்மை.

காணொளி முடிந்ததும் குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். அரிசிக் கடைக்குப் போய், 'இது புதுசா, பழசா? என்ன விலை வித்தியாசம்?' என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பழைய அரிசிக்குத்தான் விலை கூடுதல் என்று தெரிந்துகொண்டு வருவார்கள். சந்தைக்கு மதிப்புள்ளது பழசு. படையலுக்கு உரியது புதுசு. விலை கூடும்வரை வைத்திருக்காமல், வந்த அன்றே கொடுத்துவிடுவதுதான் முதல் கதிரின் கணக்கு என்று அப்போது அவர்களிடம் சொல்லலாம்.