உயிர்காப்பாளன் ஓடும் வழியும் ஒளி செல்லும் வழியும்

ஒளி காற்றிலிருந்து நீருக்குட் புகும்போது வளைகின்றது. படுகோணத்தின் சைனை முறிகோணத்தின் சைனால் வகுத்தால் எப்பொழுதும் ஒரே எண்ணே வரும். இது சினெல்லின் விதி. ஊரில் ஆசிரியனாக இருந்த காலத்தில் நானும் இதனைக் கரும்பலகையில் எழுதி மாணவரை மனனஞ் செய்வித்தவனே. ஒருநாள் பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், கோணத்தைக் கோணத்தால் வகுக்காமல் ஏன் சைனை எடுத்து வகுக்கிறோம்?" என்று கேட்டான். "பரிசோதனையில் அப்படித்தான் வருகிறது, இரு" என்று அவனை இருத்திவிட்டேன். அது விடையன்று என்பது எனக்கும் தெரிந்தேயிருந்தது. அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகின்றேன். அதற்கு ஒளியைச் சற்று மறந்து கடற்கரைக்குச் செல்வோம்.

நேரான கரையொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். நீர்விளிம்பிலிருந்து 30 மீற்றர் உள்ளே, மணலில் உயிர்காப்பாளன் நிற்கின்றான். விளிம்பிலிருந்து 30 மீற்றர் கடலினுள் ஒருவர் தத்தளிக்கின்றார். அவர் இருப்பது உயிர்காப்பாளனுக்கு நேரெதிரே அன்று. கரை வழியே 60 மீற்றர் தள்ளி. மணலில் செக்கனுக்கு 6 மீற்றர் ஓடக்கூடியவன், நீரில் 1.5 மீற்றர்தான் நீந்துவான். அவன் எவ்விடத்தில் நீரிற் குதிக்க வேண்டும்?

நேர்கோடே மிகக் குறுகிய வழி என்று நாம் அனைவரும் படித்திருக்கின்றோம். அவ்வழியிற் சென்றால் மணலில் 42.4 மீற்றர், நீரிலும் 42.4 மீற்றர். ஓட 7.1 செக்கன், நீந்த 28.3 செக்கன், மொத்தம் 35.4 செக்கன். குறுகிய வழிதான், ஆனால் மெதுவாகச் செல்லுமிடத்திற் பாதித் தூரம் கழிகின்றது. மாறாக, தத்தளிப்பவருக்கு நேரெதிர் வரும்வரை மணலில் ஓடி, பின் 30 மீற்றர் மட்டும் நீந்தினால் 31.2 செக்கன் போதும். நான்கு செக்கனுக்கு மேல் மிச்சம். நீரில் மூச்சுத் திணறுபவருக்கு நான்கு செக்கன் சிறிதன்று.

இதிலும் நல்ல வழி உண்டா? இதனைச் சூத்திரமின்றியே ஆராயலாம்.

அவன் நீரிற் புகும் இடத்தை விளிம்பு வழியே ஒரு மீற்றர் தள்ளி வைப்போம். ஓட்டம் சிறிது நீளும், நீச்சல் சிறிது குறுகும். ஓட்டம் எவ்வளவு நீளும்? ஒரு மீற்றர் அன்று. பழைய புகுமிடத்திலிருந்து புதிய ஓட்டக் கோட்டுக்கு ஒரு செங்குத்து வரையுங்கள். அங்கே ஒரு சின்னஞ்சிறு செங்கோண முக்கோணம் தோன்றும். விளிம்பு வழியேயுள்ள ஒரு மீற்றர் அதன் செம்பக்கம். ஓட்டக் கோடு விளிம்பின் செவ்வனோடு ஆக்கும் கோணம் α எனின், அச்சிறு முக்கோணத்திலும் அதே α இருக்கும். அதற்கெதிரே உள்ள பக்கமே ஓட்டத்தின் நீட்சி. அதாவது ஏறத்தாழ sin α மீற்றர். அவ்வாறே நீச்சற் கோணம் β எனின், நீச்சல் sin β மீற்றர் குறையும். மாணவனே, நீ தேடிய சைன் இங்கேதான் பிறக்கின்றது! கோணமாகவே வராமல் சைனாக வருவதற்குக் காரணம், நாம் அளப்பது தூரத்தின் மாற்றம் என்பதே.

இனி நேரத்தைப் பார்ப்போம். x என்பது கரை வழியே புகுமிடத்தின் தூரம். x = 45 ஆகும்போது sin α = 0.83, sin β = 0.45. ஒரு மீற்றர் மேலும் ஓடினால் நட்டம் 0.83/6, அதாவது 0.14 செக்கன், இலாபம் 0.45/1.5, அதாவது 0.30 செக்கன். ஆகவே மேலும் ஓடுவதே நலம். x = 57 ஆகும்போது நட்டம் 0.15, இலாபம் 0.07 மட்டும், எல்லையைத் தாண்டிவிட்டோம். நட்டமும் இலாபமும் சமமாகும் இடமே நாம் தேடுவது.

இதையே வகையீடு சில வரிகளிற் சொல்கின்றது. மணலிலுள்ள தூரம் a, நீரிலுள்ள தூரம் b, கரை வழித் தூரம் d, வேகங்கள் u, v எனின், பைதகரசின் தேற்றப்படி மொத்த நேரம்:

T = √(a² + x²)/u + √(b² + (d − x)²)/v

x ஐக் குறித்து வகையிட்டால்:

dT/dx = x/(u√(a² + x²)) − (d − x)/(v√(b² + (d − x)²))

இரண்டாம் உறுப்பின் மறைக்குறியைப் பலர் தவறவிடுவர்; அது d − x இனுள் இருக்கும் −x இலிருந்து வருவது. x/√(a² + x²) என்பது எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்தது. எனவே அதுவே sin α. மற்றையது sin β. கோணத்தை விளிம்பிலிருந்து அளந்தால் சைனுக்குப் பதில் கோசைன் வந்து குழப்பும்; செவ்வனிலிருந்தே அளத்தல் வேண்டும். dT/dx ஐப் பூச்சியமாக்க,

sin α/u = sin β/v, அல்லது sin α/sin β = u/v.

இது இழிவுதானா, உயர்வா? x கூடக்கூட sin α வளரும், sin β தேயும். ஆகவே dT/dx ஏறிக்கொண்டே செல்லும். x = 0 இல் அது மறை, x = d இல் நேர். இடையில் ஒரே ஓரிடத்திற் பூச்சியம், அது இழிவே. தத்தளிப்பவருக்கு நேரெதிரே சென்று குதிப்பது எவ்வேகத்திலும் முற்றிலும் சரியாகாது என்பதும் இதனால் விளங்கும்.

நம் கணக்கில் u/v = 4. சமன்பாட்டைத் தீர்க்க நேர்வழியில்லை. எண்களை இட்டு நெருங்க வேண்டும். x = 53.3 மீற்றர், α ஏறத்தாழ 60.6 பாகை, β 12.6 பாகை, நேரம் 30.7 செக்கன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். x = 50 ஆயினும் 56 ஆயினும் நேரம் 30.8 செக்கனே. மூன்று மீற்றர் பிழைத்தாலும் ஏறத்தாழ பத்திலொரு செக்கன்தான் நட்டம். வளையியின் அடிப்பகுதி கிடையாக இருப்பதால் இப்படி. எனவே எந்த உயிர்காப்பாளனும் கரையில் நின்று வகையிட வேண்டியதில்லை; நேர்கோட்டை விட்டுத் தாராளமாக மணலில் ஓடினாலே போதும். அலையும் நீரோட்டமும் இருப்பின் நமது v ஒரே எண்ணாக இராது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இனி ஒளிக்கு வருவோம். ஒளி மிகக் குறைந்த நேர வழியிலேயே செல்கின்றது என்று கொண்டு, 1662 இல் பியர் டி பெர்மா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் சினெல்லின் விதியைப் பெற்றார். வகையீடு அப்போது பிறக்கவில்லை. ஆதலால் அவர் நீண்ட, கடினமான வழியிற் செல்ல நேர்ந்தது. 1684 இல் லைப்னிட்சு வகையீட்டைப் பற்றிய தம் முதற் கட்டுரையை வெளியிட்டபோது, இதே கணக்கைச் சில வரிகளில் முடித்துக் காட்டினார். பெர்மாவின் முறைக்கு ஒளி நீரில் மெதுவாகச் செல்ல வேண்டும். தேக்கார்ட்டு அதற்கு மாறாக எண்ணியிருந்தார். 1850 இல் பூக்கோ பரிசோதனையால் நீரில் ஒளி மெதுவாகவே செல்வதைக் காட்டினார். நீரில் அதன் வேகம் காற்றிலுள்ளதன் முக்காற்பங்கு; ஆகவே சைன்களின் விகிதம் 4/3. இரண்டு மீற்றர் ஆழமான நீச்சற் குளம் மேலிருந்து நேரே பார்க்க ஒன்றரை மீற்றராகத் தோன்றுவது இதனாலேயே.

ஆனால் உயிர்காப்பாளனுக்குக் கண்ணும் மூளையும் உண்டு. ஒளிக்கு வழி எவ்வாறு தெரியும்? பெர்மாவின் காலத்திலேயே இக்கேள்வி எழுந்தது. ஒளி அலையாகையால் எல்லா வழிகளிலும் பரவுகின்றது. வேறிடங்களில், அடுத்தடுத்த வழிகளின் நேரங்கள் வேறுபடுவதால் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். நாம் மேலே கண்ட அந்தக் கிடையான அடிப்பகுதியில் மட்டும், 50க்கும் 56க்கும் இடையிற் போல, அயல் வழிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தை எடுக்கின்றன. அவ்வழி வந்த அலைகள் ஒன்றாகச் சேர்ந்து வலுப்பெறுகின்றன. நாம் ஒளிக்கதிர் என்று வரையும் கோடு அதுதான்.